வர முடியாது, வர முடியாமல் போயிற்று

புனேயில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். தென்காசியில் அவளுடைய தாய்மாமா புது வீடு கட்டியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பால் காய்ப்பு. அவள் போவதாகத்தான் இருந்தது. சனிக்கிழமை இரவு அலுவலகத்தில் ஒரு பெரிய மென்பொருள் மாற்றம் நிகழவிருப்பதால் குழுவில் உள்ள அனைவருடைய விடுப்பையும் கடைசி நேரத்தில் ரத்துசெய்துவிட்டார்கள். மாமாவுக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளியிலும் பணியிலும் ஆங்கிலத்தில் எழுதியே பழகியவள் அவள். தமிழ் அவளுக்கு வீட்டில் பேசும் மொழி. ஆகவே செய்தியை முதலில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிறகு தமிழாக்குகிறாள்.

அந்த ஆங்கிலச் செய்தியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் ஒரு ஹாய், உடனே ஒரு சாரி, ‘அன்ஃபார்ச்சுனேட்லி’ என்று தயங்கித் தொடங்கும் மறுப்பு, அலுவலகத்தில் அவசரமாக ஏதோ வந்துவிட்டது என்ற காரணம், ‘ஹோப் யூ அண்டர்ஸ்டாண்ட்’, விட்டதைப் பிறகு சரிக்கட்டிவிடுவேன் என்ற உறுதி, இறுதியில் மறுபடியும் ஒரு சாரி, ஒரு நன்றி. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது பணிவாகவும் இனிமையாகவும் இருக்கும். சொல்லுக்குச் சொல் மாற்றியபின் தமிழில் அது இப்படி நிற்கிறது:

“வணக்கம் மாமா. மிகவும் மன்னிக்கவும். துரதிர்ஷ்டவசமாக ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருக்கும் புதுமனை புகுவிழாவிற்கு என்னால் வர முடியாது. பணியில் ஒரு அவசர விஷயம் வந்துள்ளது. நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். இதை நிச்சயமாக ஈடுசெய்வேன். சிரமத்திற்கு மன்னிக்கவும். நன்றி.”

இதில் இலக்கணப் பிழை இல்லை. பணிவுச் சொற்களுக்கும் குறைவில்லை. எட்டு வரிக்குள் இரண்டு மன்னிப்பும் ஒரு நன்றியும் வந்துவிட்டன. எனினும் இதைப் படிக்கும் தாய்மாமாவுக்கு மனம் சுருங்கும். மருமகள் எழுதியது போல இராமல், கடன் தவணையை நினைவூட்டும் வங்கி எழுதியது போல இருக்கும். ஆங்கிலத்தில் இருந்த பணிவு எங்கே போயிற்று என்று தேடுவதுதான் இங்கு வேலை.

முதலில் இந்தச் செய்தி என்ன வகைச் செயல் என்பதைப் பார்க்க வேண்டும். மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1956-இல் ஆற்றிய உரையொன்றில் இரண்டு தற்காப்புகளைப் பிரித்துக் காட்டினார். செய்ததை ஒப்புக்கொண்டு அது சரியே என்று வாதிடுவது ஒன்று. நிகழ்ந்தது சரியில்லை என்று ஒப்புக்கொண்டு, அதன் முழுப் பொறுப்பும் தன்னுடையதல்ல என்று சொல்வது மற்றொன்று. வர இயலாமைக்குச் சொல்லப்படுவது இரண்டாம் வகை. அதற்குத் தமிழில் நடுநிலையான ஒரு பெயர்ச்சொல் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. நம்பினால் அது ‘காரணம்’, நம்பாவிட்டால் ‘சாக்கு’. இரண்டில் எது என்பதைச் சொல்பவர் தீர்மானிப்பதில்லை, கேட்பவர் தீர்மானிக்கிறார். எனவே ‘என் கையில் இல்லாமல் நடந்துவிட்டது’ என்பதைக் கேட்பவருடைய காதில் ஏற்றுவதே செய்தியின் முழு வேலையாகிறது.

ஆங்கிலம் இந்த வேலையைப் பெரும்பாலும் தனிச் சொற்களிடம் ஒப்படைக்கிறது. சாரி, அன்ஃபார்ச்சுனேட்லி, ஹோப் என்று மறுப்பைச் சுற்றிப் பஞ்சு வைப்பது அதன் முறை. தமிழ் அதே வேலையை வினைமுற்றின் வாலிலும் துணைவினைகளிலும் விளியிலும் வைத்திருக்கிறது. பஞ்சை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு வினையை அப்படியே விட்டதுதான் மேலே கண்ட செய்தியின் கோளாறு.

‘என்னால் வர முடியாது’ என்ற தொடரையே எடுத்துக்கொள்ளலாம். ‘முடியாது’ என்பது காலம் காட்டாத எதிர்மறை. ‘சொல்ல முடியாது, என்ன செய்வாய்?’ என்று சண்டையில் வரும் அதே முடியாது இது. இயலாமையையும் மறுப்பையும் அது பிரித்துக் காட்டுவதில்லை; பேசும் குரல்தான் பிரித்துக் காட்டும். எழுத்தில் குரல் இல்லை. முன்னால் நிற்கும் ‘என்னால்’ நிலைமையை இன்னும் கெடுக்கிறது. அது இல்லாமலேயே வாக்கியம் முழுமை பெறும் என்பதால், அதைச் சேர்த்ததும் ‘மற்றவர்கள் எப்படியோ, நான் வரமாட்டேன்’ என்ற அழுத்தம் தோன்றிவிடுகிறது.

இதற்குத் தமிழில் வேறு வழிகள் உண்டு, ஒவ்வொன்றின் எடையும் வேறு. ‘வர முடியவில்லை’ என்றால் முயன்றதும் அது கைகூடாததும் உள்ளே தொனிக்கும். நாளை நடக்கவிருக்கும் நிகழ்ச்சிக்கும் இதைச் சொல்லலாம், சொல்கிறார்கள். ‘வர முடியாமல் போயிற்று’ என்றால் ‘போ’ என்ற துணைவினை நிகழ்ச்சியைப் பேசுபவருடைய கையிலிருந்து எடுத்துவிடுகிறது. பால் திரிந்துபோகிறது, மழை வராமல்போகிறது. யாரும் விரும்பிச் செய்ததில்லை. ஆஸ்டின் சொன்ன இரண்டாம் வகைத் தற்காப்பு முழுவதும் அந்த ஒரு துணைவினைக்குள் அடங்கியிருக்கிறது. ‘வர முடியாது போலிருக்கிறது’ என்பது மூன்றாவது வழி. ‘போல’ மறுப்பை மென்மையாக்குகிறது, ஆனால் கதவையும் திறந்து வைக்கிறது. மாமா அன்று மாலையே அழைத்து, ‘அதெல்லாம் ஒரு நாள் கேட்டா விடுவாங்க, கேட்டுப் பாரு’ என்பார். முடிவு உறுதியாகிவிட்ட இடத்தில் ‘போல’ போடுவது பணிவாகாது. பிறகு ஒருமுறை மறுக்க வேண்டிய இக்கட்டைத் தானே வாங்கிக்கொள்வதாகும்.

துணைவினைகளின் வேலை இத்தோடு முடிவதில்லை. ‘டிக்கெட் எடுத்தேன்’ என்பது தகவல். ‘டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்’ என்பது ஏக்கம். ‘வை’ ஆயத்தத்தைக் காட்டுகிறது, ‘இருந்தேன்’ என்ற இறந்தகாலம் அந்த ஆயத்தம் வீணானதைக் காட்டுகிறது. ‘கேட்டேன்’ என்றால் ஒருமுறை கேட்டதாகவும் இருக்கலாம். ‘எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன்’ என்றால் போராடியிருக்கிறாள் என்று பொருள். இந்த இரு தொடர்களும் இருந்துவிட்டால் வருத்தத்தைத் தனியாக அறிவிக்கவே வேண்டியதில்லை.

அடுத்தது வரிசை. ஆங்கிலச் செய்தி மறுப்பை முதலில் வைத்துக் காரணத்தைப் பின்னால் சொல்கிறது. படிப்பவரைக் காத்திருக்க வைக்காமல் விஷயத்துக்கு வருவது அங்கே மரியாதை. தமிழ் வாக்கியத்தில் எச்சங்கள் முன்னும் வினைமுற்று இறுதியிலும் வரும்; காரணம் தானாகவே முன்னால் அமர்கிறது. வாக்கியத்துக்குள் இருக்கும் இந்தப் பழக்கம் பல வாக்கியங்கள் கொண்ட செய்திக்கும் பரவியிருக்கிறது. விடுப்பு ரத்தானதைக் கேட்டு, கெஞ்சியதைக் கேட்டு வரும் மாமா, ‘வர முடியாமல் போயிற்று’ என்ற இடத்துக்கு வந்து சேரும்போது அதை முன்பே ஊகித்திருப்பார். மறுப்பு அவரே எட்டிய முடிவாகிவிடுகிறது. வரிசையை மாற்றி மறுப்பை முதலில் வைத்தால், பின்னால் வரும் காரணம் எவ்வளவு உண்மையாயிருந்தாலும் தேடிப் பிடித்த சாக்காகவே ஒலிக்கும்.

காரணத்தின் தன்மையும் மாற வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் தொடத் தயங்கும் இடம் இது. சொன்னதைச் சொன்னபடி பெயர்ப்பதே நேர்மை என்று கருதுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஏதோ அவசரம் வந்துவிட்டது’ என்று மூடியபடி சொல்வது நாகரிகம். விவரம் கேட்காமல் இருப்பது மற்றவருடைய நாகரிகம். தாய்மாமாவிடம் அதே மூடல் வேறு பொருள் தருகிறது: உனக்கு இது தெரிய வேண்டியதில்லை. மூடிய காரணத்தைப் பெற்றவர் அதைத் திறக்க அம்மாவை அழைப்பார். அம்மா மகளை அழைப்பாள். மாலைக்குள் அது ஒரு குடும்ப விவகாரமாகிவிடும். ஒரே ஒரு விவரம் போதும். சனிக்கிழமை இரவு வேலை, விடுப்பு ரத்து, அவ்வளவே. அந்த ஒன்றுக்கு மேல் உடம்பும் சரியில்லை, டிக்கெட்டும் உறுதியாகவில்லை என்று அடுக்கினால் ஒவ்வொன்றும் முந்தையதை அரிக்கும். காரணம் ஒன்றாயிருக்கும்வரை காரணம், இரண்டானால் சாக்கு. இல்லாத காய்ச்சலை எழுதுவது அதைவிட மோசம். ஞாயிறு காலை வீடு நிறைய உறவினர் கூடியிருக்கும் இடத்தில் அந்தக் காய்ச்சல்தான் பேச்சாகும், அம்மா பதில் சொல்ல முடியாமல் நிற்பாள்.

சொல்ல முடியாத காரணமும் உண்டுதான். அப்போது ‘நேர்ல வந்து சொல்றேன் மாமா’ என்ற ஒரு வரி போதும். மூடலை அது ஒரு தவணையாக மாற்றிவிடுகிறது.

இனி ‘மன்னிக்கவும்’. அகராதிப்படி சாரிக்கு நேரான சொல் இதுவே என்பதால் எல்லாரும் இதைக் கைக்கொள்கிறார்கள். ஆனால் ‘-வும்’ என்ற ஈறு யாரிடம் பேசப்படுகிறது என்பதைச் சொல்வதே இல்லை. ‘காத்திருக்கவும்’, ‘செருப்பை வெளியே விடவும்’ என்று பலகைகளில் வாழும் ஈறு அது. முகம் தெரியாதவரிடம் மரியாதை, முகம் தெரிந்தவரிடம் விலகல். ‘சிரமத்திற்கு’ என்று தொடங்கினால் சாலை தோண்டிய இடத்தில் நடப்பட்ட பலகையேதான். ‘துரதிர்ஷ்டவசமாக’ என்பதோ விபத்துச் செய்திக்குரிய கனத்தோடு வருகிறது. பால் காய்ப்பு வீட்டுக்கு அனுப்பும் செய்தியில் அப்படியொரு சொல்லைப் பெரியவர்கள் விரும்பவும் மாட்டார்கள்.

தூய தமிழ் ஆர்வலர்கள் ஏற்கத் தயங்கும் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ‘சாரி மாமா’ என்பது ‘மன்னிக்கவும் மாமா’ என்பதைக் காட்டிலும் தமிழாக இருக்கிறது. பேச்சுத் தமிழில் சாரி ஏற்கெனவே ஓர் இடம் பிடித்துவிட்டது. காலை மிதித்துவிட்டால், அழைப்பைத் தவறவிட்டால், அந்த அளவு பிழைக்கு அது சரியான எடை. பால் காய்ப்புக்குப் போகாததற்கு அந்த எடை போதாது என்பது உண்மை. அந்தப் போதாமையை நிரப்ப வேண்டியது ‘மனசே கேக்கல’, ‘ரொம்ப வருத்தமா இருக்கு’ போன்ற தொடர்கள். அவை மன்னிப்பைக் கேட்பதில்லை, மனநிலையைத் திறந்து காட்டுகின்றன. கேட்டால் கொடுக்க வேண்டிய நிலைக்கு மாமாவைத் தள்ளாமல், ‘பரவால்லம்மா’ என்று தானே சொல்ல அவருக்கு இடம் விடுகின்றன. ஆங்கிலச் சொல்லை அகற்றிவிட்டால் மிஞ்சுவது தமிழ் என்ற எண்ணத்தால்தான் இத்தனை செய்திகள் பலகைத் தமிழாகின்றன.

‘புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன்’ என்பதும் இப்படித்தான். தமிழில் ‘புரிந்துகொள்’ என்பது ஆசிரியர் மாணவனிடமும் பெரியவர் சிறியவரிடமும் எதிர்பார்ப்பது. மருமகள் அதை மாமாவிடம் ‘நம்பும்போது’ அவருடைய புரிதலுக்கு ஒரு தேர்வு வைத்தது போலாகிறது. அந்த இடத்துக்கு உரிய தொடர் ‘தப்பா நெனச்சுக்காதீங்க’. ஆங்கிலம் மற்றவரின் அறிவிடம் முறையிடும் இடத்தில் தமிழ் அவருடைய மனத்தாங்கலிடம் முறையிடுகிறது. தாங்கல் ஏற்படுவது நியாயம்தான் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பணிவு அதில் இருக்கிறது.

பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் முதலில் வெளியிட்டு, 1987-இல் தனி நூலாக்கிய பணிவுக் கோட்பாடு உலகெங்கும் மொழியியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. அதற்கு அடிப்படையான மூன்று மொழிகளுள் ஒன்று தமிழ். கோவை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பேச்சுத் தமிழ். மற்றவருடைய எல்லைக்குள் நுழையாமல் ஒதுங்கிக் காட்டும் பணிவு, மற்றவரைத் தன்னவராக்கிக் காட்டும் பணிவு என்று இரண்டை அவர்கள் பிரித்தார்கள். புனேப் பெண்ணின் ஆங்கிலச் செய்தி முதல் வகை. மாமாவுக்குத் தேவைப்படுவது இரண்டாவது. கோட்பாட்டுக்குத் தரவு தந்த மொழியின் பிள்ளைகளே அந்த வேறுபாட்டைத் தவறவிடுவது சற்று வேடிக்கைதான். இவற்றில் ஒன்று ஆங்கிலத்துக்கும் மற்றொன்று தமிழுக்கும் என்று முடிவுகட்டவும் கூடாது. ஒரே ஊருக்குள்ளேயே யார் யாரிடம் எதைக் காட்டுகிறார்கள் என்பது மாறும். தமிழில் ஒதுங்கிக் காட்டும் பணிவு தாராளமாக இருக்கிறது. அது தாய்மாமாவிடம் செல்லாது, அவ்வளவே.

எஞ்சியிருப்பவை சிறியவை. சொந்த மாமாவை யாரும் ‘வணக்கம்’ என்று தொடங்குவதில்லை; ‘மாமா’ என்று விளித்தாலே போதும், இடையில் இன்னொருமுறை விளித்தால் நெருக்கம் கூடும். ‘புதுமனை புகுவிழா’ அழைப்பிதழில் இருக்கட்டும். அந்த வீட்டில் அது பால் காய்ப்பு. ‘ஈடுசெய்வேன்’ கணக்குப் புத்தகச் சொல். அதன் இடத்தில் ஒரு நாளும் ஒரு செயலும் வேண்டும். ‘நன்றி’ பேச்சை முடித்துக் கதவைச் சாத்துகிறது, ஆகவே வேண்டாம். தனக்குப் பதிலாக யார் வருகிறார்கள் என்ற தகவல் ஆங்கிலச் செய்தியில் இல்லை. தமிழில் அது இல்லாவிட்டால் செய்தி நிறைவுபெறாது. எழுத்து நடையைப் பொறுத்தவரை, உறவினருக்குக் கைபேசியில் அனுப்புவது பேச்சு வழக்கில்தான் இருக்க வேண்டும். அதை எழுதக் கூசுபவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம்.

இவ்வளவையும் மனத்தில் கொண்டால் செய்தி ஏறக்குறைய இப்படி அமையும்:

“மாமா, ரெண்டு தடவ போன் பண்ணேன், வேலையா இருப்பீங்க போல. பால் காய்ப்புக்கு வரணும்னு போன மாசமே டிக்கெட் எடுத்து வச்சிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி ஆபீஸ்ல ஒரு பெரிய வேலை வந்துட்டு, போட்ட லீவையும் கேன்சல் பண்ணிட்டாங்க. எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், விடல. வர முடியாமப் போச்சு மாமா, மனசே கேக்கல. தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மாவும் அப்பாவும் சனிக்கிழமை காலைலயே வந்துருவாங்க. அத்தைட்ட நானே ராத்திரி பேசுதேன். பொங்கலுக்கு வரும்போது நாலு நாள் உங்க புது வீட்லதான்.”

இதில் மன்னிப்பு என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. ‘கேன்சல் பண்ணிட்டாங்க’, ‘விடல’ ஆகியவற்றுக்கு எழுவாய் இல்லாததும் வேண்டுமென்றேதான். யார் செய்தார்கள் என்று சொல்லாத அந்தப் படர்க்கைப் பன்மை பொறுப்பை அலுவலகத்தின் மேல் இறக்கிவைக்கிறது. அத்தையைப் பற்றிய வரியை ‘அத்தைட்டயும் சொல்லிருங்க’ என்று எழுதியிருக்கலாம். சிலர் அப்படித்தான் எழுதுவார்கள். பெரியவரிடம் ஒரு வேலையை ஒப்படைப்பதாகிவிடும் என்பதால் ‘நானே’ சிறந்தது. அலுவலகம், லீவு, கேன்சல் பற்றிய விவரங்கள் உண்மையாக இருந்தால் மட்டுமே இந்தக் கட்டமைப்பு தாங்கும் என்பதையும் மறக்கலாகாது. துணைவினை பொய்யை நெடுநேரம் சுமக்காது.

இதே ஆங்கிலச் செய்தி, பணி ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவருடைய நூல் வெளியீட்டுக்குப் போக இயலாமையைத் தெரிவிப்பதாக இருந்தால், மேற்சொன்னவற்றில் பாதி தலைகீழாகும். “ஐயா, வணக்கம். ஞாயிறன்று அலுவலகப் பணி தவிர்க்க இயலாததாகிவிட்டதால் தங்கள் நூல் வெளியீட்டுக்கு வர இயலாத நிலை. பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது தங்களை நேரில் வந்து பார்க்கிறேன்.” இங்கே எழுத்து நடை பொருந்துகிறது, மூடிய காரணமும் போதுகிறது. ‘மனசே கேக்கல’ என்று எழுதினால் உரிமை மீறியதாகும். காரணம் முன், மறுப்பு பின் என்ற வரிசையும், ‘முடியாது’ என்ற வினைமுற்றைத் தவிர்ப்பதும் மட்டும் இரண்டுக்கும் பொது. பள்ளியில் கற்பிக்கப்பட்ட விடுப்பு விண்ணப்பத்தின் ‘பணிவன்புடன்’ இவ்விரண்டு இடங்களிலும் உதவாது. தமிழ்வழிப் படித்தவர்களுக்கும் கைவசம் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே வார்ப்புதான் என்பதால், இது ஆங்கிலவழியினரின் சிக்கல் மட்டுமல்ல.

செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பதில் காட்டிவிடும். ‘சரி’ என்ற ஒற்றைச் சொல்லோ, கட்டைவிரல் படமோ வந்தால் எங்கோ தைத்திருக்கிறது. அன்றிரவே அழைத்துப் பேசிவிட வேண்டும். ‘பரவால்லம்மா, வேலயப் பாரு, பொங்கலுக்கு வராம இருந்துராத’ என்று வந்தால், மாமா கோபத்தைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார் என்று பொருள்.